ஆறு இடங்களுக்குக் கேபிள்: கிரஸ்கலா, பிரிம்மா?

செம்பனைக்காட்டான்
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆறு இடங்களை ஃபைபர் கேபிளால் இணைக்கிற வேலை. வெளி லைன் வந்து இறங்குவது ஆபீசில் மட்டும்தான். கேபிள் போகக்கூடிய பாதைகளை எல்லாம் அளவுச் சக்கரம் தள்ளி அளந்தோம். மேப்பில் நேர்கோடு போட்டால் தூரம் குறைவாகத்தான் காட்டும், ஆனால் கேபிள் செம்பனை வேருக்கு நடுவே போகாது, லோரிப் பாதை ஓரமாகத்தான் போகும். கிடைத்த அளவுகள் இவை, மீட்டரில்:

பள்ளி – கோயில் லயம் 300
மேல் டிவிஷன் – ஆற்றங்கரை லயம் 350
ஆபீஸ் – ஆலை 400
ஆலை – பள்ளி 500
ஆலை – கோயில் லயம் 600
ஆபீஸ் – பள்ளி 700
ஆலை – மேல் டிவிஷன் 900
கோயில் லயம் – மேல் டிவிஷன் 1,200
கோயில் லயம் – ஆற்றங்கரை லயம் 1,300

காண்டிராக்டர் கொடுத்த பிளானில் 2,750 மீட்டர். எனக்கு உறுத்தியது, மிகக் குறைந்த கேபிளில் எல்லா இடத்தையும் இணைக்க வழி சொல்லும் கிரஸ்கல் முறையில் போட்டுப் பார்த்தேன். குட்டையிலிருந்து நீளத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், எடுத்தால் சுற்று உண்டாகும் என்றால் அதைத் தள்ள வேண்டும். 300, 350, 400, 500 நான்கும் உள்ளே. 600 வேண்டாம், ஏனென்றால் ஆலையும் கோயில் லயமும் பள்ளி வழியாக ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. 700-ம் அதே கதை. அப்புறம் 900 உள்ளே, ஆறு இடத்துக்கு ஐந்து துண்டு, முடிந்தது. மொத்தம் 2,450. காண்டிராக்டரிடம் காட்டினேன், 300 மீட்டர் மிச்சம்.

இதே கணக்குக்கு இன்னொரு வழியான பிரிம் முறையில் யாராவது செய்திருக்கிறீர்களா? களத்தில் எது தோது?

பீடோர் பாஸ்
அண்ணே, உங்கள் காண்டிராக்டர் செய்ததுதான் பிரிம். ஒரு இடத்தில் தொடங்கி, அங்கிருந்து கிட்ட இருக்கிற இடத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த கிட்ட இடத்துக்கு. ஆபீஸ், ஆலை, பள்ளி, கோயில், மேல் டிவிஷன், ஆற்றங்கரை. கூட்டிப் பாருங்கள், சரியாக 2,750 வரும். அதனால்தான் நான் எப்போதும் கிரஸ்கல் பக்கம்.

பழைய கேபிள்காரன்
தம்பி, கூட்டல் சரி, பேர்தான் தப்பு. நீங்கள் சொல்வது கடைசியாகப் போன இடத்திலிருந்து மட்டும் பார்ப்பது. பிரிம் அப்படி இல்லை. சேர்ந்துவிட்ட எல்லா இடங்களிலிருந்தும் வெளியே போகும் பாதைகளில் எது குட்டை என்று பார்க்கும். இந்தத் தோட்டத்திலேயே பாருங்கள். ஆபீசில் தொடங்கி 400, 500, 300 என்று கோயில் லயம் வரை வந்தாயிற்று, இதுவரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இப்போது காண்டிராக்டர் கோயிலில் நின்றுகொண்டு 1,200-ஐப் பார்க்கிறார். பிரிம் திரும்பி ஆலையையும் பார்க்கும், அங்கே 900 இருக்கிறது. அதை எடுத்து, பிறகு 350. மொத்தம் அதே 2,450, அதே ஐந்து துண்டுகள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், காண்டிராக்டர் பிளானில் கிளையே இருக்காது, ஒரே சங்கிலியாக ஓடும். எந்த இடத்திலிருந்தும் மூன்று கேபிள் பிரியவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சில தோட்டத்துக்குச் சங்கிலியே சரியான விடையாகவும் இருக்கலாம், ஆனாலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

இது கேபிள் கணக்காகவே பிறந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. செக் நாட்டு போருவ்கா 1926-ல் எழுதியது மொராவியா பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகிற கேள்விக்காக. பிரிம் முறையை பிரிம்முக்கு முன்பே, 1930-ல், யார்னிக் என்பவர் எழுதிவிட்டார். கிரஸ்கல் 1956, பிரிம் 1957.

தாப்பா மாணவி
இப்படிச் சுற்றில்லாமல் எல்லா இடத்தையும் இணைக்கிற பிளானை எங்கள் வகுப்பில் மரம் என்போம். எனக்கும் என் தோழிக்கும் வேறு வேறு மரம் வந்தது, அவள் கிரஸ்கல், நான் பிரிம். மொத்தம் மட்டும் ஒன்று. யாருக்கு மார்க் என்று இன்னும் சண்டை.

பழைய கேபிள்காரன்
இரண்டு பேருக்கும்தான், மகளே. உங்கள் கணக்கில் ஒரே நீளத்தில் இரண்டு பாதை இருந்திருக்கும். மேலே ஆலை – கோயில் லயம் 600-க்குப் பதில் 500 என்று வையுங்கள். பள்ளிக்கோ கோயிலுக்கோ, ஆலையிலிருந்து எதற்கு இழுத்தாலும் மொத்தம் 2,450-தான். எல்லா நீளமும் வேறு வேறாக இருந்தால் மரம் ஒன்றே ஒன்றுதான் வரும். அப்போது இரண்டு பேருக்கு இரண்டு மரம் வந்தால் ஒருவர் கணக்கில் பிழை.

பகாவ் அக்கா
மீட்டர் மிச்சம் பிடிக்கிற கதை எங்களிடம் கேளுங்கள். எங்கள் தோட்டத்திலும் இப்படி மிகக் குறைந்த கேபிளில்தான் போட்டார்கள். சாக்கடை தோண்ட வந்த எக்ஸ்கவேட்டர் ஒரு இழு இழுத்தது, மூன்று லயத்துக்கு லைன் இல்லை. பிள்ளைகள் மோட்டாரில் டவுனுக்குப் போய்ப் பாடம் அனுப்பினார்கள். அந்த லயங்களுக்கு வேறு பாதையே கிடையாது, சுற்றி வர வழி விட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. கிரஸ்கலோ பிரிம்மோ, இரண்டும் இதைக் கணக்கில் எடுக்கிறதா?

செம்பனைக்காட்டான்
எடுக்காது அக்கா, இரண்டுமே சுற்றைத் தள்ளுகிற வேலைதான். நானும் இதை யோசித்தேன். கூடுதலாக ஒரு பாதை போட்டால் எது? கோயில் – மேல் டிவிஷன் 1,200 குட்டை, ஆனால் மேல் டிவிஷனுக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவில் அறுந்தால் ஆற்றங்கரை லயம் போய்விடும். 100 மீட்டர் கூட்டி, கோயில் – ஆற்றங்கரை 1,300 போட்டால் ஆலை, பள்ளி, கோயில், ஆற்றங்கரை, மேல் டிவிஷன் ஐந்தும் ஒரே வளையம். அந்த வளையத்தில் எங்கே அறுந்தாலும் மறுபக்கத்தால் லைன் போகும். ஆபீஸ் – ஆலை 400 மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளும், அதற்கு ஆபீஸ் – பள்ளி 700 வேண்டும். எல்லாம் போட்டால் 4,450 மீட்டர், மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பீடோர் பாஸ்
சரி, பிரிம் பற்றி நான் சொன்னதை விடுங்கள். ஆனால் இப்போது எனக்கு பிரிம்தான் பிடிக்கிறது. கிரஸ்கல் வரிசையில் கேபிள் புதைத்தால் முதல் மூன்று துண்டு போட்ட பிறகு, 1,050 மீட்டர் செலவாகியும், ஆபீசிலிருந்து ஆலைக்கு மட்டும்தான் லைன். மற்ற இரண்டு துண்டும் சும்மா மண்ணுக்குள் கிடக்கும். பிரிம் வரிசையில் 1,200 மீட்டருக்கே ஆலை, பள்ளி, கோயில் மூன்றும் எரியும். காசு பாதியில் நின்றாலும் பயம் இல்லை.

பழைய கேபிள்காரன்
கணக்குப் போடுகிற வரிசையும் குழி வெட்டுகிற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கிரஸ்கலில் போட்டு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆபீசிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் புதையுங்கள். தாளில் கணக்குப் போட எனக்கு கிரஸ்கல்தான் சுலபம், சேர்ந்த இடங்களை ஒரே கலர் பென்சிலால் வட்டமிட்டால் சுற்று உடனே கண்ணில் படும். இடங்கள் நூறு, இருநூறு ஆகி ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் நடுவே பாதை இருந்தால் பிரிம் நல்லது, அத்தனை பாதையையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

அப்புறம், காசு பாதியில் நின்றால் என்ற கேள்விக்கு பிரிம்மும் பதில் இல்லை. கையில் உள்ள கேபிளுக்கு எந்த இடங்களைச் சேர்த்தால் அதிக வீட்டுக்கு லைன் போகும் என்பது வேறு கணக்கு, அதற்கு இப்படிச் சுலபமான வழி கிடையாது. மேல் டிவிஷனில்தான் ஆள் அதிகம் என்றால் பள்ளியை விட்டுவிட்டு முதலில் அங்கே போவீர்களா?

பகாவ் அக்கா
பள்ளியை விடக்கூடாது. அதைவிட, அந்த 1,300 மீட்டர் ஆற்றைத் தாண்டித்தானே போகிறது? பாலத்தில் குழாய் கட்டுகிற செலவைச் சேர்த்தால் அதை 1,300 என்று எழுதுவதே சரியா?

செம்பனைக்காட்டான்
தாண்டித்தான் போகிறது. மீட்டருக்குப் பதில் வெள்ளியைப் போட்டு மறுபடி வரிசைப்படுத்தினாலும் முறை அதேதான், ஆனால் பாலத்துக்கு இன்னும் விலை வரவில்லை.