போனில் f/1.4, கேமராவில் f/1.8: பின்னணி கரைவது பற்றி உங்கள் அனுபவம் என்ன?

தென்காசிக்காரன்:
போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தம்பி என் கேமரா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க 1.8தானா? என் போன்லயே 1.4 இருக்கே" என்றார். காட்டவும் செய்தார். போர்ட்ரெய்ட் மோடில் ஸ்லைடரை f/1.4 வரை தள்ளியிருந்தார். பெண்ணுக்குப் பின்னால் இருந்த சீரியல் செட் பெரிய பெரிய வட்டமாகக் கரைந்திருந்தது. என் படத்தில் அதே விளக்குகள் சின்னப் புள்ளிகளாகத்தான் இருந்தன.

என்னிடம் இருப்பது க்ராப் பாடி, 50 எம்எம் f/1.8 லென்ஸ். ஜோடிக்கும் பின்னால் இருந்த அலங்காரத் தட்டிக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இருந்தது. 85 வாங்கினால் இது தீருமா? "பின்னாடி கரையணும்", "டிஎஸ்எல்ஆர் எஃபெக்ட் வேணும்" என்று கேட்பவர்களை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஷட்டர் பாய்:
ஃபுல் ஃப்ரேம் மாறிடுங்க ப்ரோ, எல்லாம் சரியாகும். சென்சார் பெருசானா ப்ளரும் பெருசு. நான் மாறின அன்னைக்கே வித்தியாசம் தெரிஞ்சது.

குமரன்_72:
எனக்கும் இதே பிரச்சினைதான். கோயில் பிராகாரத்தில் பேத்தியை f/1.8 வைத்து எடுத்தேன், முகமே ப்ளராகிவிட்டது. அப்பர்ச்சரைக் கூட்டினால் சரியாகுமா?

பழைய ரோல்:
குமரன் சார், அது வேறு சங்கதி. தூணின் விளிம்பும் முகமும் ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் கை ஆடியிருக்கிறது. முகம் மட்டும் இழுபட்டு தூண் தெளிவாக இருந்தால் பேத்தி அசைந்திருக்கிறாள். இரண்டுக்குமே ஷட்டர் வேகம்தான் மருந்து. அப்பர்ச்சர் எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் குறைந்து இன்னும் மோசமாகும். ஐஎஸ்ஓவை ஏற்றி 1/200 பக்கம் வைத்துப் பாருங்கள்.

தென்காசித் தம்பிக்கு வருகிறேன். அந்தப் போனில் தெரிந்த f/1.4 லென்ஸின் அளவே இல்லை. மென்பொருள் எவ்வளவு கரைக்க வேண்டும் என்று சொல்கிற எண் அது. போன் லென்ஸில் உண்மையாகவே f/1.8 இருந்தாலும், அதன் குவியத் தூரம் ஏழு மி.மீ. போலத்தான். அதை 1.8-ஆல் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரம் நான்கு மி.மீ. கிட்ட வரும். உங்கள் 50-ஐ அதே 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. எண் ஒன்றுதான், எக்ஸ்போஷரும் ஒன்றாகத்தான் வரும். ஆனால் கரைவது துவாரத்தின் அளவைப் பொறுத்தது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. வெகு தூரத்தில் ஒரு விளக்கு இருந்தால், படத்தில் அது முகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது துவாரத்தின் அளவுக்கு வட்டமாகத் தெரியும். அதாவது உங்கள் 50-இல், கன்னத்தின் அருகே ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்த அளவு. போனில் வெறும் நான்கு மி.மீ. மீதியை அது கணக்குப் போட்டு வரைகிறது.

விளக்கு பக்கத்திலேயே இருந்தால் வட்டம் சுருங்கும். துவாரத்தை, ஆளிலிருந்து பின்னணி வரை உள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணி வரை உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்துவிடுங்கள். நீங்கள் இரண்டு மீட்டரில் நின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தட்டி ஒரு மீட்டர் பின்னால். 28-இல் மூன்றில் ஒரு பங்கு, ஒன்பது மி.மீ. புள்ளியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

85 f/1.8 வாங்கினால் துவாரம் 47 மி.மீ. ஆகும். ஆனால் முகம் அதே அளவில் வர 3.4 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். தட்டி அதே இடத்தில் இருந்தால் வட்டம் பதினொன்றுதான். இரண்டு மி.மீ.க்காக அவ்வளவு பணமா? அதுவே ஜோடியைத் தட்டியிலிருந்து நான்கு மீட்டர் முன்னால் கூட்டி வந்தால் உங்கள் பழைய 50-லேயே 19 வரும், 85-இல் 25. லென்ஸை மாற்றுவதைவிட ஜோடியை நகர்த்துவது மலிவு.

ஷட்டர் பாய்:
அப்போ ஃபுல் ஃப்ரேம் வேஸ்ட்டா சார்? எனக்கு நிஜமாவே வித்தியாசம் தெரிஞ்சதே.

பழைய ரோல்:
தெரிந்திருக்கும். அதே 50-ஐ அதே இடத்தில் நின்று எடுத்தால், முகத்தோடு ஒப்பிடும்போது வட்டம் மாறாது. சுற்றிலும் கூடுதல் இடம் தெரியும், அவ்வளவுதான். ஃப்ரேமை நிரப்ப நீங்கள் முன்னால் போயிருப்பீர்கள். நெருங்கியதால் கூடியது அது. தம்பி கேஸில் ஒன்பது பன்னிரண்டாகும். கூடவே மூக்கும் கொஞ்சம் பெரிதாகும்.

மலர் ஸ்டூடியோ:
கணக்கு சரி அண்ணா, ஆனால் எங்களிடம் வருகிற சண்டை வேறு. என்னிடம் ஃபுல் ஃப்ரேமும் 85 f/1.8-ம் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் முழுசாகத் திறந்து எடுத்தால் தெளிவாக நிற்பது மூன்று செ.மீ. சொச்சம். பெண் முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் ஒரு கண் கூர்மை, மறு கண் மென்மை, ஜிமிக்கி போயே போச்சு. "நகை தெரியலையே" என்று அம்மா கேட்பார். "பின்னாடி கரையணும்" என்று சொன்னதும் அதே அம்மாதான். அதனால் தனி முகத்துக்கு f/2.8. ஐந்து செ.மீ. கிடைக்கும். ஜோடி தோளோடு தோள் நின்றால் f/4, ஒருவர் பின்னால் நின்றால் இன்னும் மூடுவேன்.

"கரையணும்" என்பவரிடம் ஒன்று கேட்டுவிடுவேன்: பின்னணி அடையாளமே தெரியக் கூடாதா, அல்லது விளக்கெல்லாம் உருண்டையாக வேண்டுமா? முதலாவதற்கு ஜோடியை முன்னால் கொண்டுவந்தால் போதும். இரண்டாவதற்குத் தனித்தனி விளக்கு வேண்டும். வெறும் துணித் தட்டியை எவ்வளவு கரைத்தாலும் உருண்டை வராது, மூடுபனிதான் வரும்.

உருண்டைக்கும் ஒரு புகார் வந்தது. ஓரத்தில் இருந்தவை எலுமிச்சை மாதிரி நசுங்கியிருக்கிறதாம்! முழுசாகத் திறந்தால் லென்ஸ் குழல் ஓரத்து வெளிச்சத்தை மறைப்பதால் அப்படித்தான் வரும். கொஞ்சம் மூடினால் வட்டமாகும். ஆனால் நான் முதலில் வைத்திருந்த 50, ஐந்து இதழ் கொண்ட பழைய மாடல். f/2.8-க்கு மூடினாலே விளக்கெல்லாம் ஐங்கோணம்.

ரீல்ஸ் ராணி:
இவ்வளவு கணக்கு எதுக்கு? என் தங்கச்சி கல்யாணத்துல எல்லாருக்கும் பிடிச்ச படம் போன்ல எடுத்ததுதான். யாரும் பெரிசு பண்ணிப் பாக்குறதில்ல.

மலர் ஸ்டூடியோ:
ஆல்பத்தில் பார்ப்பார்களே ராணி. எனக்கு ஒருவர் போன் படத்தைக் கொடுத்து 12க்கு 18 பிரிண்ட் கேட்டார். தலையில் வைத்த மல்லிகைச் சரத்தில் பாதி கரைந்துபோய், கலைந்த முடிக்கு நடுவே பின்சுவர் மட்டும் கூர்மையாக நின்றது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஃப்ரேம் விளிம்பை விழுங்கிவிடும்.

பழைய ரோல்:
தரையைப் பாருங்கள், அங்கேதான் அகப்படும். லென்ஸில் கால் பக்கம் தெளிவாக இருந்து பின்னால் போகப் போக மெல்ல மங்கும். போனில் சில சமயம் ஓர் இடத்தில் கத்தரித்தது போல மாறும். புது மாடல்கள் இதையும் நன்றாகவே செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஷட்டர் பாய்:
அப்போ 50-ல எடுத்துட்டு எடிட்டிங்ல ப்ளர் ஏத்தினா தப்பா? நான் அதான் செய்றேன், யாரும் கேட்டதில்ல.

மலர் ஸ்டூடியோ:
எனக்கு மனசு வரவில்லை. செய்கிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்கும் ஆர்டர் வருகிறது.

தென்காசிக்காரன்:
85 இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மண்டபத்தில் மேடையே நான்கு மீட்டர் ஆழம் கிடையாது. சடங்கு நடுவில் ஜோடியை எங்கே நகர்த்துவது?

பழைய ரோல்:
சடங்கு நடுவில் நகர்த்தவே வேண்டாம், அது f/4-இல் வரட்டும். பந்தி நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். ஜோடியை நாற்காலி வரிசைக்கு நடுவே உள்ள பாதையில் நிறுத்தி, மேடை விளக்கு பின்னால் வருமாறு எடுங்கள். முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு எல்இடி பிடிக்க ஆள் வேண்டும்.

தென்காசிக்காரன்:
மாப்பிள்ளையின் தம்பி இருக்கிறாரே, அவரையே பிடிக்கச் சொல்கிறேன்.