75 நிமிஷக் கச்சேரியில் எதை வெட்டலாம்?

வணக்கம். அடுத்த மாதம் ஒரு சபாவில் 75 நிமிஷம் பாடக் கிடைத்திருக்கிறது. நேற்று தம்பூரா ஆப்போடு தனியாக முழுசாகப் பாடி, போனில் ரெக்கார்ட் செய்தேன். 68 நிமிஷம்தான் வந்தது. சந்தோஷம் கொஞ்ச நேரம்தான்.

திரும்பக் கேட்டுப் பிரித்து எழுதினேன். வர்ணம் 6, முதல் கீர்த்தனை 7, சின்ன ஆலாபனையோடு இரண்டாவது 14, விறுவிறுப்பான உருப்படி 4, மெயின் தோடி 31 (ஆலாபனை மட்டும் 11), துக்கடா 5, மங்களம் 1. இதில் வயலின்காரரே இல்லை! இரண்டு ஆலாபனைக்கும் அவருடைய பதில் 7, நிரவல் ஸ்வரத்துக்கு 5, மிருதங்கத் தனி 10 என்று சேர்த்தால் 90 ஆகிறது.

இரண்டாவதன் ஆலாபனையை எடுத்தால் எனக்கு 4, வயலினுக்கு 2 மிச்சம். தோடி ஆலாபனையை 8 நிமிஷமாகச் சுருக்கினால் அவர் பங்கும் குறைந்து 4 கிடைக்கும். அந்தப் பதிவில் ஏழாவது நிமிஷத்துக்கு மேல் ஒரே பிடியைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், அதனால் அதில் வருத்தமில்லை. இன்னும் 5 நிமிஷம் உதைக்கிறது.

வர்ணத்தை விடலாம் என்றால், குரல் திறந்ததே முதல் கீர்த்தனையின் சரணத்தில்தான் என்று ரெக்கார்டில் பளிச்சென்று தெரிகிறது. துக்கடாவை விடலாமா, நிரவலையா? இன்னொன்று, முதல் இரண்டு கீர்த்தனையும் சவுக்கமாக அடுத்தடுத்து வருகின்றன. விறுவிறுப்பானதை நடுவில் நகர்த்தினால், மெயினுக்கு முன்னால் கச்சேரியின் வேகம் இறங்கிவிடுமா? பாடிப் பழகியவர்கள் சொல்லுங்களேன். தனியைக் குறைக்கச் சொல்லாதீர்கள், மிருதங்க மாமா என்னைப் பார்க்கவே மாட்டார்.