ஆய்வக அறிக்கை: "எடுக்கப்படுகிறது" என்பதா, "எடுக்கப்பட்டது" என்பதா? விளக்கப் பகுதியில் எந்தக் காலம்?

கரைசல்20
வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு, தமிழ் வழி. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் எவ்வளவு என்று தரம்பார்த்து அறிக்கை தரணும். ரெக்கார்டு நோட்டு இல்லை, தனி அறிக்கை. வரைவு திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் "காலம் பார்" என்று மட்டும் சிவப்பு மையில். எதை எப்படி மாற்றுவது என்று சொல்லவில்லை.

செய்முறையில் எழுதியது: "10 மி.லி. வினிகர் 100 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் எடுக்கப்பட்டு, குறி வரை நீர் சேர்க்கப்படுகிறது. இதில் 20 மி.லி. கூம்புக் குடுவையில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2 சொட்டு பினாப்தலீன் சேர்க்கவும். 0.1 M NaOH கரைசலால் தரம்பார்க்கப்பட்டது."

விளக்கத்தில்: "மூன்று முறையும் 16.0 மி.லி. செலவாகிறது. வினிகரின் செறிவு 0.80 M, அதாவது 100 மி.லி.க்கு 4.8 கிராம். பாட்டிலில் 5% என்று இருக்கிறது. NaOH காற்றிலுள்ள CO₂-ஐ உறிஞ்சுகிறது. அதனால் அமிலத்தின் அளவு குறைகிறது."

நாளை மறுநாள் திரும்பக் கொடுக்கணும். யாராவது சொல்லுங்களேன்.

முருங்கைக்காய்
ரொம்ப யோசிக்காதே தம்பி. சோதனை முடிஞ்சு போச்சு, அதனால எல்லாமே இறந்த காலம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் "ப்பட்டது" போட்டுடு. "நாங்கள் எடுத்தோம்"னு மட்டும் எழுதிடாதே, அது இறந்த காலம் ஆகாது.

வடமராட்சி
நானும் இதிலதான் மாட்டுப்பட்டு நிக்கிறன். என்ர நியமிப்பு அடுத்த மாதம்தான், இப்ப ஆய்வுத் திட்டம் எழுதுறன். "அளவியில் நிரப்பப்படும்" எண்டு எழுதினால் சரியோ? இன்னும் செய்யேல்லை, "நிரப்பப்பட்டது" எண்டு எழுத மனம் வருகுதில்லை.

பழைய பியூரெட்
@வடமராட்சி, இனிமேல் செய்யப்போவது என்றால் "நிரப்பப்படும்" சரிதான். செய்து முடித்தபின் அதே பத்தியை அறிக்கைக்கு எடுத்துப்போட்டு வினைகளை மாற்ற மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

@முருங்கைக்காய், செய்முறைக்கு நீங்கள் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் "எடுத்தோம்" என்பதும் இறந்த காலம்தான். "படு" சேர்ப்பதும் சேர்க்காததும் வேறு விஷயம். அதைத் துறை வழக்கம் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

தம்பி, உன் செய்முறைப் பத்தியில் மூன்று குரல் கேட்கிறது. "சேர்க்கவும்" என்பது கையேட்டின் கட்டளை. "எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்பது யார் செய்தாலும் இப்படித்தான் என்று சொல்கிற பள்ளிச் செய்முறைப் புத்தக நடை. "தரம்பார்க்கப்பட்டது" மட்டும்தான் நீ செய்ததைச் சொல்கிறது. அறிக்கை படிக்கிறவருக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான். கையேடு 2 சொட்டு என்று சொல்லி நீ 3 சொட்டு விட்டிருந்தால், 3 சொட்டு என்றுதான் எழுதணும். "சேர்க்கப்பட்டது" என்று எழுதும்போதே நான் எத்தனை விட்டேன் என்ற கேள்வி தானாக வந்துவிடும். "சேர்க்கவும்" என்று எழுதினால் கை பாட்டுக்குக் கையேட்டைக் காப்பி எடுத்துக்கொண்டு போகும்.

அதற்காகச் செய்முறையில் வேறு காலமே வரக்கூடாது என்று இல்லை. "பினாப்தலீன் ஏறத்தாழ pH 8.2-க்கும் 10-க்கும் இடையே நிறம் மாறும். அதனால் அது நிறங்காட்டியாகப் பயன்படுத்தப்பட்டது." நிறம் மாறுவது நேற்றும் நடந்தது, நாளையும் நடக்கும், ஆகவே "மாறும்". அதைத் தேர்ந்தெடுத்தது அன்று நடந்தது, ஆகவே இறந்த காலம். இங்கே "மாறியது" என்று எழுதினால் ஏதோ உன் குடுவையில் மட்டும் நடந்த சங்கதி போல ஆகிவிடும்.

முருங்கைக்காய்
அப்போ விளக்கத்துலயும் இதே கணக்குதானே? கிடைச்சது இறந்த காலம், பொது உண்மை "உம்".

பழைய பியூரெட்
பாதி வழி வந்துவிட்டீர்கள். "16.0 மி.லி. செலவானது" என்பது அன்றைய அளவு. அந்த அளவிலிருந்து நீ இப்போது எடுக்கிற முடிவு நிகழ்காலத்தில் நிற்கலாம்: "இந்த அளவு வினிகரின் செறிவு 0.80 M என்று காட்டுகிறது." அட்டவணை, வரைபடத்தைச் சுட்டும்போதும் "காட்டுகிறது" போதும், அவை தாளில் இன்னும் இருக்கின்றன.

சிக்கல் உன் கடைசி இரண்டு வரியில்தான். என் கணிப்பில் சிவப்பு மை முக்கியமாக அதற்குத்தான் விழுந்திருக்கும். "NaOH CO₂-ஐ உறிஞ்சுகிறது, அதனால் அளவு குறைகிறது." முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்த உண்மை. இரண்டாம் பாதி உன் சோதனையில் இதுதான் நடந்தது என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்காலத்தில் இருப்பதால் முதல் வரியின் உறுதி இரண்டாவதுக்கும் ஒட்டிக்கொண்டது. பிரித்து எழுதிப் பார்: "NaOH கரைசல் CO₂-ஐ உறிஞ்சும். எங்கள் கரைசலும் உறிஞ்சியது. அதனால் அளவு குறைந்தது." நடுவரிக்கு உன்னிடம் சான்று என்ன? NaOH-ஐ எப்போது, எதை வைத்துத் தரப்படுத்தினாய்?

கரைசல்20
அன்று காலையே ஆக்சாலிக் அமிலத்தோடு, சார். 0.100 M வந்தது.

பழைய பியூரெட்
அப்படியானால் அதற்கு முன் உறிஞ்சியது அந்த 0.100-க்குள்ளேயே கணக்காகிவிட்டது. பிறகு உறிஞ்சியிருந்தால் என்ன ஆகும் என்று பார். கரைசல் வலுக் குறையும், அதே அமிலத்துக்குக் கூடுதல் மி.லி. செலவாகும், நீ இன்னும் 0.100 என்றே பெருக்குவாய். விடை கூடத்தான் செய்யும். உனக்கோ குறைந்திருக்கிறது. லேபிள் சொல்கிற 5% இருந்திருந்தால் ஏறத்தாழ 16.7 மி.லி. செலவாகியிருக்க வேண்டும். 0.7 மி.லி. வித்தியாசம், பியூரெட்டைச் சரியாகப் படிக்காத பிழைக்கு இது அதிகம்.

மூன்று முறையும் 16.0 என்பதும் ஒன்று சொல்கிறது. 20 மி.லி. பிப்பெட்டில் தண்ணீர் நின்றிருந்தால் முதல் அளவு மட்டும் தனியாகக் குறைந்திருக்கும். மூன்றையும் ஒன்றுபோல இழுப்பது அதற்கு முந்தைய படியில் இருக்கணும்: வினிகர் எடுத்த 10 மி.லி. பிப்பெட், அல்லது குறியைத் தாண்டி நீர் சேர்த்தது. அந்தப் பிப்பெட்டை வினிகரால் அலசினீர்களா?

கரைசல்20
அதைப் பார்ட்னர்தான் எடுத்தான். கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறான். இப்படி எழுதினால் சரியா?

"மூன்று முறையும் 16.0 மி.லி. NaOH செலவானது. இது வினிகரின் செறிவு 0.80 M என்று காட்டுகிறது. லேபிளில் உள்ள 5%-ஐ விட இது குறைவு. பிப்பெட்டில் நீர் தங்கினால் எடுக்கப்படும் வினிகரின் அளவு குறையும். 10 மி.லி. பிப்பெட்டில் நீர் தங்கியிருந்திருக்கலாம். அது வினிகரால் அலசப்பட்டதா என்று குறிக்கப்படவில்லை."

பழைய பியூரெட்
நன்று. "குறையும்", "தங்கியிருந்திருக்கலாம்", "குறிக்கப்படவில்லை" மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒன்று சேர்த்துக்கொள்: 5-க்கு 4.8 என்ற இந்த 4% குறைவு முழுவதையும் தண்ணீர் மேல் போட்டால் பிப்பெட்டில் 0.4 மி.லி. நின்றிருக்கணும். சொட்டுக் கணக்கில் எட்டு, அது கொஞ்சம் அதிகம். வினிகரிலேயே 5% இல்லாமலும் இருக்கலாம்.

வடமராட்சி
"தங்கியிருந்திருக்கலாம்" எண்டு எழுதினால் எங்கட விரிவுரையாளர் "ஊகம் வேண்டாம்" எண்டு வெட்டிப்போடுவார்.

பழைய பியூரெட்
காரணம் சொல்லாமல் நிறுத்தினால் எங்கள் துறையில் மதிப்பெண் போகும். வெட்டுகிறவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

முருங்கைக்காய்
எங்க காலேஜ்ல ரெக்கார்டு நோட்டுக்கு இன்னும் "எடுத்துக்கொள்ளப்படுகிறது"தான் கேக்குறாங்க. மாத்தி எழுதினா கையெழுத்தே போட மாட்டாங்க.

கரைசல்20
எங்களுக்கும் ரெக்கார்டுக்கு அப்படித்தான். ஒரே சோதனையை இரண்டு விதமாக எழுதணும் போல. "2 சொட்டு"தானா என்று நோட்டில் பார்த்துவிட்டு மாற்றுகிறேன்.