போனஸ் கணக்குக் கடிதம்: ஓவர்டைம் இடத்தில் சிக்கிக்கொண்டேன், உதவி தேவை

வணக்கம். பேட்டையில் 7 பேர் வேலை செய்யும் சின்ன லேத் பட்டறை என்னுடையது. 20 பேருக்குக் குறைவு என்பதால் போனஸ் சட்டம் எங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் தீபாவளிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச 8.33 சதவீதத்தைத் தருகிறேன்.

போன வருஷம் வரை ஆளுக்கு ஒரே தொகை. இந்த வருஷம் ஏப்ரல் முதல் மார்ச் வரை வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கடிதமாக எழுதி ஒட்டினேன். மாதம் 15,000 வாங்குபவருக்கு வருஷத்துக்கு 1,80,000. அதில் போனஸ் 14,994. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு 8 மாதத்துக்கு 9,996. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

சிக்கல் டர்னர் ஒருவரால் வந்தது. அவரும் 15,000 சம்பளம்தான், அதற்கு மேல் ஓவர்டைமில் மட்டும் 24,000 சம்பாதித்திருக்கிறார். "ராத்திரி நின்னது நான், லீவு போட்டவனுக்கும் எனக்கும் ஒரே தொகையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். சட்டக் கணக்கில் ஓவர்டைம் சம்பளத்தில் சேராது. சேர்த்தால் இன்னும் 1,999 ரூபாய் வரும். கொடுக்க எனக்கு மனசு உண்டு.

சம்பளப் பதிவேட்டைக் காட்டி நேரில் விளக்கினேன். கடிதத்தையும் இரண்டு முறை திருத்தினேன். கணக்குப் பார்ப்பவர், போனஸிலேயே சேர்த்தால் அடுத்த வருஷமும் அதையே எல்லோரும் கேட்பார்கள் என்கிறார். அதுவும் நியாயம்தான். பட்டுவாடாவுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.

இப்படிப் பட்டறை நடத்துபவர்கள் சொல்லுங்கள்: அந்த 1,999 ரூபாயைக் கடிதத்தில் போனஸோடு சேர்க்காமல், 'ஓவர்டைம் ஊக்கத்தொகை' என்று தனி வரியாகக் காட்டினால் சரியாக இருக்குமா?