வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரச் சொன்னால் வீட்டு உரிமையாளர் மறுக்கிறார்: என்ன செய்யலாம்?

திருப்பூர் குடித்தனக்காரர்:
திருப்பூர் மாநகராட்சி எல்லைக்குள் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய். 11 மாதத்திற்கு எழுதி நோட்டரி முத்திரை வைத்த ஒப்பந்தம் கையில் இருக்கிறது. ஆதாரில் இன்னும் சொந்த ஊர் முகவரிதான். பாஸ்போர்ட்டுக்காக இந்த ஒப்பந்தத்தைக் காட்டியபோது, பதிவு செய்த ஒப்பந்தம்தான் செல்லும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரரோ, பதிவு செய்தால் சொத்தில் உங்கள் பெயர் ஏறிவிடும் என்று மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

கோபி வீட்டுக்காரர்:
உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகைக்கு வருகிறவருக்கு முகவரிச் சான்று தேவை என்பதற்காக, உரிமையாளர் வேலையை விட்டுவிட்டுப் பத்திர ஆபீஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, கைரேகை வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? ஒரு முறை இரக்கப்பட்டுப் பதிவு செய்து கொடுத்தேன். அவர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காலி செய்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அந்த இடத்தின் மேல் கடன் வாங்கப் போனபோது, வில்லங்கச் சான்றில் அந்தக் குத்தகை இருப்பதைப் பார்த்துவிட்டு, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள், அவர் காலி செய்ததற்கு என்ன ஆதாரம் என்று வங்கியில் கேட்டார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நோட்டரியோடு சரி.

சிங்காநல்லூர் வாசகர்:
இதற்கு ஏன் பத்திர ஆபீஸ்? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி tenancy.tn.gov.in தளத்தில் ஒப்பந்தத்தை ஏற்றினாலே பதிவு எண் கொடுத்துவிடுகிறார்கள். அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பதிவு என்றால் பதிவுதான், எங்கே செய்தால் என்ன?

ஈரோடு பத்திர எழுத்தர்:
சிங்காநல்லூர் நண்பர் சொன்ன தளம் உண்மை, ஒப்பந்தத்தை அங்கே பதிவு செய்ய வேண்டிய கடமையும் உண்மை. ஆனால் அவர் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கிவிட்டார். அந்தத் தளத்தில் நடப்பது, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் குடித்தனத்தைத் தெரிவித்து எண் பெறுவது. வாடகை வழக்கு என்று வந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஆவணத்தையே பதிவு செய்வது. அங்கேதான் ஆவண எண்ணும் ஆண்டும் விழும், வில்லங்கச் சான்றிலும் வரும். பாஸ்போர்ட் பட்டியலில் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம் என்றும், வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6இல் குடியிருப்பவருக்குப் பதிவு செய்யப்பட்ட வாடகைப் பத்திரம் என்றும் இருக்கும்போது, சரிபார்க்கிறவர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். நோட்டரி முத்திரை இந்த இரண்டிலும் சேராது. நோட்டரி தன் முன் கையெழுத்தானதற்குச் சாட்சி சொல்கிறார், அவ்வளவே.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த வாடகைச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகரப் பகுதிகளுக்கே பொருந்தும். திருப்பூரைச் சுற்றிப் பல குடியிருப்புகள் கிராம ஊராட்சிக்குள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றே வழி.

கோபி அண்ணன் சொன்ன வில்லங்கச் சிக்கல் கற்பனை இல்லை. பெயர் ஏறிவிடும் என்ற பயம்தான் தவறு. குடியிருப்பவர் குடியிருப்பவராகவே பதிவாகிறார். தனக்கு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு உரிமை இல்லை என்று குடித்தனம் இருக்கும்வரை அவர் வாதாடவே முடியாது. உரிமையாளர் கையெழுத்திட்டுப் பதிவு செய்த ஒப்பந்தம் அதைக் கூடுதலாக உறுதிப்படுத்துகிறது. ஆனால் 11 மாதம் முடிந்த பிறகும் அந்தக் குத்தகைப் பதிவு வில்லங்கத்தில் இருக்கும். முடியும் தேதி ஆவணத்திலேயே இருப்பதால், காலம் முடிந்திருந்தால் வங்கி அதைப் பெரிதுபடுத்தாது. இடையில் காலி செய்தால் மட்டும் ஒரு ரத்து ஆவணம் எழுதிப் பதிவு செய்வது நல்லது.

கோபி வீட்டுக்காரர்:
ஊரைவிட்டுப் போனவரைத் தேடிப்பிடித்து ரத்து ஆவணத்தில் கையெழுத்து வாங்குவது யார்? அதற்கான செலவு யாருடையது? அதையும் சொல்லுங்கள்.

ஈரோடு பத்திர எழுத்தர்:
அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். காலம் முடியும் முன் காலி செய்தால், குடியிருப்பவர் தன் செலவில் ரத்து ஆவணத்தில் கையெழுத்திட்ட பிறகே அட்வான்ஸில் இன்ன தொகை திருப்பித் தரப்படும் என்று ஒரு ஷரத்து போதும். பணம் உங்கள் கையில் இருக்கும்போது அவரே வந்து நிற்பார்.

வெள்ளகோவில்:
நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். 5 லட்சம் கொடுத்து லீஸுக்கு இருக்கிறேன், மாத வாடகை கிடையாது. பத்திரம் பச்சைத் தாளில் எழுதி இருக்கிறது. இதைக் காட்டினால் முகவரிச் சான்றாக எடுத்துக்கொள்வார்களா?

ஈரோடு பத்திர எழுத்தர்:
உங்கள் பிரச்சினை முகவரி அல்ல, 5 லட்சம். மொத்தப் பணத்துக்கு ஈடாக வீட்டில் இருப்பது பெரும்பாலும் போக்கிய அடமானம் ஆகிவிடும். அது பதிவாகாமல் இருந்தால், அந்த வீடு நாளை கைமாறும்போது உங்கள் பணத்துக்கு வீட்டின் மேல் பிடிமானம் இல்லாமல் போகும். அதைத் தனி இழையில் கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பூர் குடித்தனக்காரர்:
ஐயா, செலவு முழுவதையும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். எவ்வளவு ஆகும்? இருக்கும் நோட்டரி ஒப்பந்தத்தையே கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்ள முடியாதா?

ஈரோடு பத்திர எழுத்தர்:
கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் ஓர் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலத்திற்குள் இருந்தாலும், உங்கள் தாளில் முத்திரைக் கட்டணம் குறைவாக இருக்கும். எனவே புதிதாக எழுதுவதே சுலபம்.

30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 11 மாத வாடகை 99,000 ரூபாய். நான் பார்த்தவரை அட்வான்ஸையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 1,59,000 ரூபாய்க்குத் தீர்வை 1,590, கட்டணம் 1,590, ஆக 3,180 ரூபாய். கணினிக் கட்டணம், எழுத்துக்கூலி தனி.

சிங்காநல்லூர் வாசகர்:
அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டிய பணம். அதற்கு எப்படி ஒரு சதவீதம் வாங்க முடியும்? வாடகைக்கு மட்டும் என்றால் 1,980 ரூபாய்தான் வரும். அதோடு, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறதே.

ஈரோடு பத்திர எழுத்தர்:
இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்றும் அதே பிரிவில் இருக்கிறது. தீர்வையைப் பற்றி உங்களோடு சண்டை இல்லை. அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

பணத்தைவிட முகவரியில் கவனம் வேண்டும். லைன் வீடுகளில் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருக்கும். சிலவற்றில் பழைய எண் ஒன்று, மாநகராட்சி கொடுத்த புது எண் ஒன்று. சொத்துவரி ரசீதில் உள்ள எண்ணையே எழுதி, சொத்து விவரத்தில் “கிழக்கு வரிசையில் வடக்கிலிருந்து மூன்றாவது வீடு” என்பதுபோல் உங்கள் பகுதியைத் தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் அதே எண், அதே தெருப் பெயர் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் 14, விண்ணப்பத்தில் 14அ என்று இருந்தால் காவல்துறை விசாரணைக்கு வருகிறவர் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று எழுதிவிடுவார்.

அவிநாசி ஆடிட்டர் உதவியாளர்:
உங்கள் வீட்டுக்காரருக்கு வருமான வரிப் பயமும் இருக்கலாம். ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் வாடகையில் 30 சதவீதம் கழித்துக்கொண்டால் 75,600 ரூபாய்தான் அவர் வருமானத்தோடு சேரும். வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு வரி வராது. நீங்கள் சம்பளத்தில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்பவராக இருந்தால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது அவருடைய பான் எண்ணை எப்படியும் கொடுத்தாக வேண்டும். ஆனால் இதை அவரிடம் மிரட்டல்போலச் சொல்லாதீர்கள்.

கோபி வீட்டுக்காரர்:
வரிக்குப் பயந்து யாரும் மறுப்பதில்லை. பழைய 1960 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, அற்ப வாடகைக்குப் பல ஆண்டு வீட்டை விட்டுவிட்டு நின்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஈரோடு பத்திர எழுத்தர்:
அந்தச் சட்டம் இப்போது இல்லை, அண்ணா. புதுச் சட்டத்தில், காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதத்திற்கு இரு மடங்கும், அதற்குப் பிறகு நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிற உரிமையாளருக்கே அதைக் கேட்டு வாங்குவது எளிது.

இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என்னிடம் வருகிற பல வீடுகள் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கின்றன. வாடகை வாங்குவது ஒரு மகன், வாரிசுகள் நான்கு பேர். நோட்டரி ஒப்பந்தத்தில் அவர் ஒருவரே கையெழுத்திட்டுவிடலாம். பதிவுக்குப் போனால் முன் பத்திரமும் பட்டாவும் கேட்பார்கள், அக்கா தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும் என்ற பேச்சு எழும். திருப்பூர் நண்பரே, சொத்துவரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

திருப்பூர் குடித்தனக்காரர்:
இப்போதுதான் பார்த்தேன். அவருடைய அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஈரோடு பத்திர எழுத்தர்:
அப்படியென்றால் அவரைச் சங்கடப்படுத்திப் பயனில்லை. வாரிசுச் சான்று வாங்கி, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒப்பந்தம் பதிவாகும். ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டுக்காக அந்தக் குடும்பம் உட்கார்ந்து பேசும் என்று நான் நினைக்கவில்லை.

அவிநாசி ஆடிட்டர் உதவியாளர்:
அவரை விட்டுவிட்டு வங்கி வழியைப் பாருங்கள். ஆதார் கொடுத்துக் கணக்கு வைத்திருப்பவர், ஆதாரில் வேறு முகவரி இருந்தாலும் தற்போதைய முகவரியைச் சுய அறிவிப்பாகக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. முகவரியை மாற்றி, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக்கை வாங்குங்கள். நடப்பில் உள்ள கணக்கின் பாஸ்புக் பாஸ்போர்ட்டுக்கும் வாக்காளர் படிவத்துக்கும் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பெயரில் சமையல் எரிவாயு இணைப்பு இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டுக்கு உதவும்.

கோபி வீட்டுக்காரர்:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரரை இழுக்காமலே வேலை முடிகிறது.

சிங்காநல்லூர் வாசகர்:
முடிகிறது என்பதால் பதிவு செய்யும் கடமை போய்விடுமா? குடியிருப்பவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதால்தான் மாநகராட்சிக்குள்ளேயே வீடுகள் ஒப்பந்தப் பதிவு இல்லாமல் நடக்கின்றன. தளத்தில் ஏற்றுவதற்காவது அவரைக் கேளுங்கள்.

திருப்பூர் குடித்தனக்காரர்:
வங்கியில் சுய அறிவிப்புக் கொடுத்து முகவரியை மாற்றக் கேட்கப் போகிறேன். வீட்டுக்காரரிடம் பதிவுப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது tenancy.tn.gov.in தளத்தில் ஏற்றலாமா என்று மட்டும் கேட்பேன். வரி ரசீது அவர் அப்பா பெயரில் இருக்கும்போது அந்தத் தளத்தில் யாரை உரிமையாளர் என்று காட்டுவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.