கோடெக்: ஒலிச்சுருக்கியா, குறிவிரியா?

மீனாட்சி:

குழுவினருக்கு வணக்கம்.

கைப்பேசி ஒன்றின் அமைப்புத் திரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அழைப்புப் பகுதியில், குரலை ஒரு முனையில் பிட்டுகளாக்கி மறுமுனையில் ஒலியாக்கும் கோடெக் என்ற சொல் நான்கைந்து இடங்களில் வருகிறது. பக்கத்தில் வரும் `AMR-WB` என்ற கோடெக் பெயரை அப்படியே விட்டுவிடலாம். கோடெக்குக்கு மட்டும் "ஒலிச்சுருக்கி" என்று போட்டேன். சரிபார்த்தவர், "சுருக்குவது ஒரு முனை. மறுமுனையில் நடப்பதற்கு என்ன பெயர்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். திரையில் இடம் குறைவு, நீளமான சொல் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

இராமநாதன்:

அம்மா, "ஒடுக்கி" என்று வைக்கலாமே. சுருக்கியது சுருங்கியே கிடக்கும். சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்பது மறுபடி தோன்றுவதற்கான ஒடுக்கம். ஆகவே விரிதலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நடைமுறைக்கும் பொருந்துகிறது. கோபுர அலை வலுவாக வந்தால் குரலைக் குறைவாக ஒடுக்குகிறார்கள், தெளிவாகக் கேட்கிறது. கோடுகள் குறைந்தால் மிகுதியாக ஒடுக்குகிறார்கள், கரகரக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

செல்வம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பேத்தி கல்யாணத்துக்காக நாகஸ்வர மல்லாரியைக் காலர் ட்யூனாக வைத்தேன். கூப்பிட்டவர்கள் எல்லாம் "என்னங்க, தண்ணிக்குள்ள யாரோ ஊதற மாதிரி இருக்கு" என்கிறார்கள். தவிலோ தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கிறதாம். பாட்டுக்கான காசைத் திருப்பிக் கேட்கலாமா? ஒடுக்கி என்று நீங்கள் சொல்வது இதைத்தானா?

கதிர்:

செல்வம் சார் கேட்டது தலைப்புக்கு நெருக்கமான கேள்விதான். அதற்கு வருகிறேன். முதலில் ஐயாவுக்கு.

நான் செல்பேசி வலையமைப்பில் குரல்தரம் அளக்கும் வேலையில் இருக்கிறேன். 2ஜி அழைப்பையே எடுத்துக்கொள்வோம், கணக்கு அதில்தான் பளிச்சென்று தெரியும். நீங்கள் பேசுவதைக் கைப்பேசி நொடிக்கு 8000 முறை அளக்கிறது, ஒவ்வொரு அளவும் 13 பிட். 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டில் 160 அளவுகள், அதாவது 2080 பிட். ஏஎம்ஆர் கோடெக்கின் உச்சநிலையான நொடிக்கு 12.2 கிலோபிட்டில் அதே துண்டு 244 பிட்டாக வெளியே போகிறது.

அந்த 244-இல் உங்கள் ஒலி அலை இல்லை. 38 பிட் உங்கள் தொண்டையும் வாயும் அந்த நேரத்தில் எந்த வடிவில் இருந்தன என்பதைச் சொல்கிறது. 46 பிட் குரல்நாண் எந்தச் சுருதியில் அதிர்ந்தது, எவ்வளவு அழுத்தமாக என்பதற்கு. மீதி 160-இல் 140, வாய்க்குள் போன காற்றுக்குப் பதிலாகச் சில துடிப்புகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதற்கு. 20 அவற்றின் பலத்துக்கு. மறுமுனைக் கைப்பேசி இதைப் படித்து, ஒரு செயற்கை வாயைக் கட்டி, உங்களைப்போல் பேசிக் காட்டுகிறது. பாடியதைப் பதிவு செய்து அனுப்பாமல் சுரக்குறிப்பு எழுதி அனுப்பினால் இன்னொருவர் அதைப் பார்த்துப் பாடுவார் அல்லவா, அந்த மாதிரி. அதனால்தான் சுருக்கியும் ஒடுக்கியும் எனக்கு உறுத்துகின்றன. அங்கே ஒடுங்கியது இங்கே விரியவில்லை. இங்கே கேட்பது புதிதாகச் செய்த ஒலி.

இன்னொன்று. அனுப்பும் முனை துடிப்புகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, பல அமைப்புகளைத் தானே ஒலியாக்கிப் பார்த்து, மூலத்துக்கு நெருங்கியதைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகப் பெறும் முனையின் வேலை அனுப்பும் முனைக்குள்ளேயே ஓடுகிறது. இந்த முறையை 1985-இல் ஷ்ரோடரும் அடலும் முன்வைத்தபோது, ஒரு நொடிப் பேச்சுக்கு அன்றைய பெரிய கணினியே நிமிடக்கணக்கில் உழைத்தது. பிஷ்ணு அடல் கான்பூரில் பிறந்தவர், பெல் ஆய்வகத்தில் இருந்தார்.

இனி "வலு குறைந்தால் அதிகம் ஒடுக்குகிறார்கள், அதனால் கரகரப்பு" என்பது. பாதி சரி ஐயா. 2ஜி-யில் ஒரு 20 மில்லிநொடித் துண்டுக்குக் காற்றில் கிடைக்கும் இடம் 456 பிட், அது மாறாது. 12.2-இல் 244 பேச்சுக்கு, மீதி 212 பெரும்பாலும் பிழைகாப்புக்கு. நீங்கள் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலையமைப்பு 4.75-க்கு இறக்கினால் பேச்சுக்கு 95 பிட்தான், மீதி 361 பெரும்பாலும் காப்புக்கு. முன்பு 40 அளவுக்கு 10 துடிப்புகள் இருந்த இடத்தில் இப்போது 2. குரல் மந்தமாகிறது, ஆனால் உடையவில்லை. இறக்காமல் 12.2-இலேயே விட்டிருந்தால்தான் நீங்கள் சொல்லும் கரகரப்பு வந்திருக்கும். ஒடுக்கியது குரலைக் கெடுக்க அல்ல, காப்பாற்ற.

காதால் பிரித்தறியலாம். மந்தமாக, ஆனால் சீராகக் கேட்டால் கீழ்நிலைக்கு இறங்கியிருக்கிறது. உலோகத்தனமாகக் குழறினால் பிட்டுகள் சேதமாகி, பெறும் கைப்பேசி முந்தைய துண்டைத் திரும்பப் போட்டுச் சமாளிக்கிறது. அதுவும் தொடர்ந்தால் ஒலியைப் படிப்படியாகத் தாழ்த்தி, மூன்றில் ஒரு நொடிக்குள் வாயை மூடிவிடும். போகும் திசைக்கும் வரும் திசைக்கும் நிலைகள் தனித்தனி. "அவர் பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறது அவருக்குக் கேக்கல" என்பது அங்கிருந்தும் வரும்.

கோடுகள் நிறைந்திருந்தும் குரல் மோசமாவதும் உண்டு. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் வலையமைப்பு ஓர் அழைப்பின் இடத்தை இரண்டாகப் பிளந்து இருவருக்குக் கொடுக்கும். அப்போது துண்டுக்கு 228 பிட்தான் மொத்தமே. அலையில் ஒரு குறையும் இல்லை, இடம்தான் இல்லை.

செல்வம் சார், காசு கேட்டுப் பயனில்லை. அந்தக் குறிப்பில் சுருதிக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு, ஏனென்றால் மனிதத் தொண்டை ஒன்று. நாகஸ்வரமும் ஒத்தும் தவிலும் சேர்ந்து வந்தால் அது எதைப் பிடிப்பது? தனிக்குரலில் ஒரு விருத்தம் வைத்துப் பாருங்கள், தேவலையாக இருக்கும்.

சுபா:

யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவோட நான் வட்ஸ்அப்பில கதைச்சால் பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. அதே போனில சாதாரண கோல் எடுத்தால் கிணத்துக்குள்ள இருந்து கேக்குது. கதிர் சொல்றபடி பார்த்தால் வட்ஸ்அப்பில கூட பிட் போகுது, அதுதானே காரணம்? அப்படியெண்டால் சொல்லிலயும் "பிட்" வரவேணுமே?

கதிர்:

இல்லை சுபா அக்கா, பிட்டின் எண்ணிக்கை முதல் காரணம் இல்லை. மீனாட்சி சொன்ன `AMR-WB`-யையே பாருங்கள். 12.65 கிலோபிட் நிலையில் துண்டுக்கு 253 பிட். பழைய 12.2-ஐ விட ஒன்பதே பிட் கூட. ஆனால் நொடிக்கு 16000 முறை அளக்கிறது. பழையது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்சு வரைதான் கொண்டுபோகும். இது 50 முதல் 7000 வரை. கிணற்றுக்குள் கேட்பதுபோல் இருப்பது பெரும்பாலும் இந்த அகலம் போவதால்.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியை ஃபோனில் சொல்லிப் பாருங்கள். எஸ்ஸா எஃப்பா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரண்டையும் பிரிக்கும் சீறல் பெரும்பாலும் 3400-க்கு மேலே இருக்கிறது, பழைய கோடெக் அதைத் தொடுவதே இல்லை. இதில் ஒரு வேடிக்கை: அகலக் கோடெக்கிலும் 6400-க்கு மேல் உள்ளதைப் பெறும் கைப்பேசி தானாகவே இரைச்சலை இட்டு நிரப்பிக்கொள்கிறது. 12.65-இல் அதற்கென்று ஒரு பிட்கூட வருவதில்லை, காதுக்கும் அது தெரிவதில்லை.

சாதாரண அழைப்பில் அகலம் கிடைக்க இரு கைப்பேசிகளும் நடுவில் உள்ள வலையமைப்புகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்காவது ஓரிடத்தில் பழைய 64 கிலோபிட் இணைப்பு வந்தால், அங்கே ஒலியாக்கி, குறுக்கி, மறுமுனைக்கு வேறு கோடெக்கில் மறுபடி குறிப்பெழுதுவார்கள். பிரதியைப் பார்த்துப் பிரதி எடுக்கும் கதை. பன்னாட்டு அழைப்பில் இது சர்வசாதாரணம். வாட்ஸ்அப்பில் நடுவில் மாற்றுவார் யாரும் இல்லை. ஒரு முனையில் போட்டது மறுமுனையில்தான் பிரிக்கப்படுகிறது. ஆனால் இணையம் தடுமாறினால் அதுவும் சாதாரண அழைப்பை விட மோசமாகும்.

இராமநாதன்:

> அங்கே ஒடுங்கியது இங்கே விரியவில்லை

கதிர் தம்பி, ஒடுக்கியைக் கைவிடுகிறேன். சுரக்குறிப்பு என்று நீங்கள் சொன்னதிலிருந்தே எடுத்துக்கொள்வோம். குறித்தல் ஒரு முனை, விரித்தல் மறுமுனை. "குறிவிரி". நான்கே எழுத்து. கோடெக் என்பதே இரண்டு வினைகளின் தலைகளை ஒட்டியதுதானே, இதுவும் அவ்வாறே நிற்கும். பேச்சுக்கு மட்டும் உரியதைச் சொல்ல வேண்டுமானால் "குரற்குறிவிரி".

கதிர்:

எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு தயக்கத்தோடு. மேலே சொன்ன 64 கிலோபிட் இணைப்பில் ஓடுவதும் ஒரு கோடெக்தான். அது தொண்டை, சுருதி எதையும் பார்க்காது. ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாகக் குறுக்கி அனுப்பும். அங்கே மீனாட்சியின் சுருக்கிதான் சரியாகப் பொருந்தும். ஒரே சொல் இரண்டையும் தாங்குமா?

மீனாட்சி:

தாங்கும், எண்ணாகக் குறிப்பதும் குறிப்பதுதானே. எனக்கு வேறு கவலை. அமைப்புத் திரையில் திடீரென்று "குறிவிரி" என்று பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைப்பார். திரையில் "கோடெக்" என்றே விடுகிறேன். உதவிப்பக்கத்தில் "கோடெக் என்னும் குரற்குறிவிரி" என்று முதல் முறையும், பிறகு குறிவிரி என்றும் போடுகிறேன். நிறுவனம் ஒத்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் திரைக்கும் கொண்டுவரலாம்.

இராமநாதன்:

திரைக்கு ஒரு சொல், உதவிக்கு ஒரு சொல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உங்களுடையது.

சுபா:

குறிவிரி எண்டால் எங்கட பக்கம் ஆக்கள் "குறி சொல்றதோ" எண்டு கேப்பினம். "குரல்விரி" எண்டு வைச்சால் என்ன?

மீனாட்சி:

குரல்விரி ஒலிபெருக்கி மாதிரி கேட்கிறதே அக்கா. திங்கள்கிழமை வரை வேறு யாராவது சொன்னால் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

அதற்குள் இன்னொரு சொல்லும் வந்துவிட்டது. பேச்சுக்கு இடையில் நாம் வாயை மூடினால் கைப்பேசி முழுத் துண்டுகளை அனுப்புவதை நிறுத்திவிட்டு, 160 மில்லிநொடிக்கு ஒருமுறை சிறு குறிப்பு மட்டும் அனுப்புமாம். லைன் அறுந்துவிட்டதோ என்று எதிராளி பதறாமல் இருக்க, மறுமுனை அதை வைத்து லேசான இரைச்சலைத் தானே உண்டாக்குமாம். ஆங்கிலத்தில் "கம்ஃபர்ட் நாய்ஸ்" எனப்படும் அதை முந்தைய மொழிபெயர்ப்பாளர் "வசதி சத்தம்" என்று போட்டுவைத்திருக்கிறார். "இட்டிரைச்சல்", "ஆற்றிரைச்சல்" என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். இரண்டாவது காவிரிக்கரை மாதிரி இருக்கிறது. தனி இழையில் கேட்கிறேன்.