கலைச்சொல் விவாதம்: இரவில் சிறுநீர் கறுக்கும் குருதிநோய்க்குத் தமிழ்ப்பெயர்

செவிலியர் பயிற்றுநர், பாளையங்கோட்டை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பி.என்.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் குருதிநோய் பற்றிய தமிழ்க் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் வரைவில் ‘இரவுநேர வலிப்புக் குருதிச்சிறுநீர்’ என்று இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது, மாணவியர் பலர் இதைக் கைகால் வெட்டி இழுக்கும் நோய் என்றே புரிந்துகொண்டார்கள். செவிலியரும் நோயாளியின் வீட்டாரும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் பெயர் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அம்பாசமுத்திரம்

‘வலிப்பு’ கூடவே கூடாது. ‘விட்டுவிட்டு எழும்’ என்பதே பொருந்தும். சிறுநீர் கறுப்பது காலையில்தான் தெரிகிறது என்றால், ‘இரவு’ என்பதைவிட ‘வைகறை’ நுட்பமானது. விடியற்பொழுதை மருதத்துக்கு உரியதாகத் தொல்காப்பியம் வகுத்திருக்க, பொருநைக் கரையில் வாழும் நமக்கு அச்சொல் அந்நியமாகாது. நோய்ப்பகுதிக்கு ‘நீரிழிவு’ வழிகாட்டுகிறது. இழிதல் என்றால் இறங்குதல், வடிதல். ஆகவே ‘வைகறைச் செந்நிறமி இழிவு’ என முன்மொழிகிறேன். ‘மேகம்’ என்னும் பழைய சொல்லும் உண்டு. ஆனால் ஊரில் அதைப் பால்வினை நோயாகவே எண்ணுவார்கள் என்பதால் விலக்கினேன். ‘ஹீமோகுளோபின்’ என்று கிரந்த எழுத்தில் தொடங்குவதை என்னால் ஏற்க இயலாது.

ஆய்வக நுட்பநர், தென்காசி

ஐயா, ‘இழிவு’ என்று முடிந்தால் எல்லோரும் சர்க்கரை நோய் என்றே நினைப்பார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள்கூட ‘ஹீமோகுளோபின் எவ்வளவு?’ என்றுதான் கேட்கிறார்கள். அச்சொல்லை இனி மாற்ற முடியாது. எனக்குப் பெரிய கவலை ‘குருதிச்சிறுநீர்’ என்ற சொல்லின் மேல்தான். அது வேறு நோய்க்குறி.

அடையாளங்களை மாற்றி ஒரு நேர்வைச் சொல்கிறேன். பீடி சுற்றும் ஒரு பெண், வயது 31, காலைச் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கிறது என்று கொண்டுவந்தார். வெளியில் ஏற்கெனவே சிறுநீரகக் கல் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். பரிசோதனைப் பட்டையில் இரத்தம் மிகுதியாக இருப்பதாகக் காட்டியது. நுண்ணோக்கியிலோ ஒரு சிவப்பணுவைக்கூடக் காண முடியவில்லை. மாதிரியைச் சுழற்றிப் பார்த்தேன். கல்லால் வந்த குருதியாக இருந்திருந்தால் அணுக்கள் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருக்கும். இங்கே மேல்நீர் அப்படியே கறுத்து நின்றது. அவருடைய குருதியைச் சுழற்றியபோது பிளாஸ்மாவும் சிவந்திருந்தது. அதாவது அணுக்கள் சிறுநீர்ப்பாதையில் கசியவில்லை. குருதிக்குழாய்க்குள்ளேயே உடைந்து, அவற்றின் நிறமி மட்டும் சிறுநீரகம் வழியே வெளியேறியிருக்கிறது. ஹீமோகுளோபின் 6.8 கிராம்; அணுக்கள் உடைந்தால் கூடும் எல்.டி.எச். 2,100; சிவப்பணுவில் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் சோதனை எதிர்மறை. இந்த வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிட்டால், அடுத்த நோயாளிக்கும் கல்லுக்குத்தான் மருந்து கொடுப்பார்கள்.

வங்கி ஊழியர், சேரன்மகாதேவி

என் தம்பிக்கு இந்நோய் இருப்பதால் எழுதுகிறேன். இது மரபணுக் கோளாறு என்று படித்தேன். எங்கள் பெற்றோர் மாமன் மகள், அத்தை மகன் முறை. அதனால்தான் வந்தது என்று உறவினர் சொல்லி, தம்பியின் பெண்பேச்சும் நின்றுபோயிற்று. ஆகவே பெயரில் ‘பரம்பரை’ என்ற சொல்லையும் சேர்ப்பதுதானே சரி? இன்னொன்று: அவனுக்குச் சிறுநீர் ஒருநாளும் கறுத்ததில்லை. வயிற்றுவலியும் வயிறு வீக்கமுமாகச் சேர்த்தோம். ஈரலின் சிரையில் குருதி உறைந்திருப்பதாகச் சொன்னார்கள்.

குருதியியல் மருத்துவர், திருநெல்வேலி

அண்ணாச்சி, மரபணுக் கோளாறு என்பது உண்மை. பரம்பரை என்பது தவறு. உங்கள் தம்பி பிறந்து வளர்ந்தபின், எலும்பு மச்சையிலுள்ள ஒரு மூல அணுவில் பிக்-ஏ என்னும் மரபணு பழுதாகியிருக்கிறது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஆணானாலும் பெண்ணானாலும் ஓர் அணுவில் செயல்படும் பிரதி ஒன்றே. அது பழுதானால் போதும். பெற்றோரின் உறவுமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது பிள்ளைகளுக்கும் போகாது. பெண்வீட்டாரிடம் இதை நானே விளக்கத் தயாராக இருக்கிறேன்.

அந்த மரபணு செய்வது என்ன என்பதில்தான் பெயருக்கான வழியும் இருக்கிறது. சில புரதங்களை அணுவின் மேற்பரப்பில் பொருத்திவைக்க ஜிபிஐ என்னும் கொழுப்பு நங்கூரம் தேவை. மரபணு பழுதானால் நங்கூரம் உருவாகாது. புரதங்கள் உருவானாலும் மேற்பரப்பில் நிற்க இடமில்லை. அப்படி இழக்கப்படுபவற்றுள் முக்கியமானவை சிடி55, சிடி59 என்னும் இரண்டு. நம் பிளாஸ்மாவில் கிருமிகளைத் தாக்குவதற்கென உள்ள நிரப்புப் புரதங்கள் கிருமி இல்லாத வேளையிலும் சிறிதளவு இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அத்தாக்குதல் நம் அணுவின் மேல் பெருகாதபடி தொடக்கத்திலேயே தடுப்பது சிடி55. இறுதியில் அணுச்சவ்வில் துளையிடும் கூட்டமைப்பு உருவாகாமல் தடுப்பது சிடி59. இரண்டும் இல்லாத சிவப்பணு துளைபட்டு உடைகிறது.

உடைவது இரவில் மட்டும் அன்று. 1882இல் இந்நோயை விவரித்த ஸ்ட்ரூபிங், உறக்கத்தில் குருதியில் அமிலம் கூடுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதினார். ஆனால் உடைவு நாள் முழுவதும் நடக்கிறது; இரவெல்லாம் தேங்கிச் செறிந்த சிறுநீர் காலையில் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. கறுத்த சிறுநீரோடு வருபவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தாம். ஆகவே இரவும் வைகறையும் இரண்டுமே தவறான வழிகாட்டிகள்.

குருதி உறைவதும் இதே தொடர்ச்சிதான். வெளியே சிதறிய ஹீமோகுளோபின், குருதிக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கவர்ந்துகொள்கிறது. குழாய் இறுகுகிறது, தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. தட்டணுக்களும் அதே மூல அணுவிலிருந்து வந்தவை என்பதால் அவற்றுக்கும் காப்பு இல்லை. நிரப்புப் புரதங்கள் அவற்றை நேரடியாகவும் தூண்டுகின்றன. கால் சிரையில் மட்டுமன்றி, ஈரல், மூளை போன்ற எதிர்பாராத இடத்துச் சிரைகளிலும் உறைவு ஏற்படுகிறது. இந்நோயில் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே.

தமிழாசிரியர்

மருத்துவர் ஐயா ‘காப்பு’ என்று எழுதியது என்னைத் தொட்டது. பிள்ளைத்தமிழின் முதற்பருவமே காப்புதான். தெய்வங்கள் குழந்தையைக் காக்க வேண்டுமென்று பாடுவது. கையில் கட்டுவதும் காப்பு, நூலின் தொடக்கத்தில் நிற்பதும் காப்பு. ‘வைகறை’யைக் கைவிடுகிறேன். ‘காப்பிழந்த சிவப்பணு நோய்’ என்று வைத்தால் நோயின் காரணமே பெயராகிவிடும்.

மருத்துவர்

மிக நல்ல சொல். ஆயினும் ‘சிவப்பணு’ என்ற வரையறை எனக்கு நெருடுகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும்கூடக் காப்பை இழக்கின்றன; உறைவை விளக்க அவை வேண்டும். ‘காப்பிழந்த குருதியணு நோய்’ எனலாமா?

நுட்பநர்

அதற்குச் சான்று மேற்சொன்ன பெண்ணின் அறிக்கையிலேயே உள்ளது. சிவப்பணுக்களில் 28 விழுக்காடே காப்பின்றி இருந்தன. வெள்ளணு வகையான கிரானுலோசைட்டுகளில் அது 85 விழுக்காடு. காப்பற்ற சிவப்பணுக்கள் உடைந்து மறைந்துவிட்டன; முந்தைய வாரம் ஏற்றிய குருதி மீதியையும் நீர்த்துப்போகச் செய்திருந்தது. சிவப்பணுவை மட்டும் பார்த்தால் நோயின் அளவைக் குறைத்து மதிப்பிடுவோம். ஆனால் சிறுநீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத பெயரை எங்கள் ஊழியர் எப்படி அடையாளம் காண்பார்கள்? ‘ஹீமோகுளோபின் சிறுநீர்’ இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்றுநர்

இனிக் காத்திருக்க இயலாது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘காப்பிழந்த குருதியணு நோய்’ என்பதற்கே பெரும்பான்மை. தலைப்பில் அதையும், அடியில் ‘பி.என்.எச்.’ என்பதையும் இடுகிறேன். உள்ளே ‘ஹீமோகுளோபின் கலந்த சிறுநீர்’ என்று வரும். ‘குருதிச்சிறுநீர்’ எங்கும் வராது.

தமிழாசிரியர்

ஹீகாரத்தைப் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. ‘ஈமோகுளோபின்’ என்றாவது அடுத்த பதிப்பில் அச்சிட வேண்டும்.

நுட்பநர்

தலைப்பில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

வங்கி ஊழியர்

பெயர் எதுவானாலும், ‘பரம்பரை நோய் அன்று’ என்ற வரியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். சிறுநீர் தெளிவாக இருக்கும் நாளிலும் கடும் வயிற்றுவலியோ தலைவலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள்.